இன்டர்னல் 30... மிச்சம் எவ்வளவு வரும்?

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவருக்கு, ஒரு பாடத்தில் இன்டர்னல் 40-க்கு 30 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மோசமில்லை என்றுதான் அவரும் நினைப்பார், வீட்டிலும் நினைப்பார்கள். ஆனால் அந்த நிமிடத்திலேயே ஒரு கதவு சாத்தப்பட்டுவிட்டது. 2021 விதிமுறைப்படி எழுத்துத் தேர்வுப் பாடங்களுக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. செமஸ்டரை 100-க்கு எழுதினாலும் 60-க்குச் சுருக்கித்தான் சேர்ப்பார்கள். அவர் 100-க்கு 100 வாங்கினாலும் 30-உம் 60-உம் சேர்ந்து 90. O கிரேடுக்கு நிலையான எல்லை 91. ஒரே ஒரு மதிப்பெண்ணில் போயிற்று.

மறுமுனையில் இன்னொரு விபத்து காத்திருக்கிறது. அதே மாணவர் செமஸ்டரில் 38 வாங்குகிறார் என்றால், அது 60-க்கு 22.8. இன்டர்னல் 30-ஐச் சேர்த்தால் 52.8. தேர்ச்சிக்கு மொத்தம் 50 போதும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே தப்பித்தோம் என்று நிம்மதியாக ஊருக்குப் பஸ் ஏறுவார். ரிசல்ட்டில் U வந்து நிற்கும். செமஸ்டர் தேர்வில் தனியாகக் குறைந்தது 45 விழுக்காடு வாங்கியிருக்க வேண்டும் என்ற இரண்டாவது நிபந்தனை பலருக்கு அரியர் விழுந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் தான் எங்கே நிற்கிறோம் என்பதைத் தேர்வுக்கு முன்பே ஒரு தாளில் பார்த்துவிட முடியும். மூன்று வரி போதும்: எல்லாம் கூடிவந்தால் எவ்வளவு, வழக்கம்போல் எழுதினால் எவ்வளவு, சொதப்பினால் எவ்வளவு. இப்படி மூன்றாகப் பிரித்து மதிப்பிடும் பழக்கம் பொறியியல்காரர்களுக்குப் புதிதல்ல. 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய ‘பெர்ட்’ முறையில், ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் காலத்தை இப்படித்தான் மூன்று எண்களாகக் கேட்டார்கள். பல மாணவர்கள் அதைப் பாடமாகவே படிக்கிறார்கள். தங்கள் கிரேடுக்கு மட்டும் போட்டுப் பார்ப்பதில்லை.

போட்டுப் பார்ப்பவர்களிலும் பாதிப் பேர் தாளைப் பாழாக்கிவிடுகிறார்கள். மேல் வரியில் 95 என்று ஆசையை எழுதுவார்கள், கீழ் வரியில் 0 என்று பயத்தை எழுதுவார்கள், நடுவில் இரண்டுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்று. அப்படிப்பட்ட அட்டவணை படிப்பவரிடம் எதையும் மாற்றாது. எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில், கையில் ஏற்கெனவே இருப்பதைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். நம் மாணவர் ஆறாம் செமஸ்டரில் எழுதப்போவது ‘ஹீட் அண்ட் மாஸ் டிரான்ஸ்ஃபர்’. இன்டர்னலுக்கு இரண்டு மதிப்பீடுகள், ஒவ்வொன்றும் 100. அதில் எழுத்துத் தேர்வு 60, அசைன்மென்ட், செமினார், மினி புராஜெக்ட் போன்றவை 40. முதல் மதிப்பீட்டில் அவருக்குத் தேர்வில் 37, அசைன்மென்டில் 35, ஆக 72. இரண்டாவதில் 42-உம் 36-உம் சேர்ந்து 78. இரண்டும் சேர்ந்து 200-க்கு 150, அதை 40-க்குச் சுருக்கினால் 30. இது முடிந்துபோன கணக்கு. அட்டவணையின் மூன்று வரிகளிலும் இந்த 30 அசையாமல் நிற்கும்.

அடுத்து செய்ய வேண்டியதைப் பலர் கடைசியில் செய்கிறார்கள், அல்லது செய்வதே இல்லை. எவ்வளவு வரும் என்று யோசிப்பதற்கு முன், எந்த கிரேடுக்கு எவ்வளவு வேண்டும் என்று தலைகீழாகப் போட வேண்டும். A-வுக்கு எல்லை 71. அதில் 30-ஐக் கழித்தால் 41. அதை 0.6-ஆல் வகுத்தால் 68.33. ஆக, செமஸ்டரில் 69 வாங்கினால் A. இதே வழியில் B+ வாங்க 52, A+ வாங்க 85. O-வுக்கு 101.67 வருகிறது, அதாவது கிடையாது. தேர்ச்சிக்கு மொத்தம் 50 வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் பார்த்தால் 34 போதும் என்று வரும். ஆனால் 45 என்ற தனி நிபந்தனை அதற்கு மேலே நிற்பதால், அவருடைய உண்மையான வாசல்படி 45. இன்டர்னல் நன்றாக இருப்பவர்களுக்கு எல்லாம் இந்த 45-தான் ஆபத்தான இடம். இன்டர்னல் 23 என்று குறைந்துவிட்டால் நிலைமை தலைகீழ். 45 வாங்கினாலும் மொத்தம் 50 தான், அதுவும் சரியாக 50. அதற்குக் கீழே இறங்கினால் மொத்தம்தான் தடை.

ஆக இவருக்கு முக்கியமான எண்கள் மூன்று: 45, 52, 69. 85 கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது. இந்த எண்களைத் தாளின் ஓரத்தில் பெரிதாக எழுதி வைத்துவிட்டுத்தான் மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். மதிப்பிட்ட பிறகு எல்லைகளைப் பார்த்தால் கை தானாகவே எண்ணைக் கொஞ்சம் மேலே தள்ளிவிடும். 66 என்று தோன்றியது, 69-ஐப் பார்த்ததும் ‘70 வரும்’ என்று மாறிவிடும்.

இப்போது கடினமான பகுதி. 100-க்கு எவ்வளவு வரும்?

‘சுமாராக ஒரு 65’ என்று மொத்தமாகச் சொல்வதில் பயனில்லை. வினாத்தாளையே பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்று மணி நேரத் தாள். முதல் பகுதியில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து. இரண்டாம் பகுதியில் 13 மதிப்பெண் வினாக்கள் ஐந்து, ஒவ்வொன்றிலும் ‘இது அல்லது அது’ என்று தேர்வு உண்டு. மூன்றாம் பகுதியில் 15 மதிப்பெண்ணுக்கு ஒரே வினா. வழக்கமாக ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் இரண்டு இரு மதிப்பெண் வினாக்களும் ஒரு 13-உம் வரும். ஒரு யூனிட்டின் எடை 17. ‘அல்லது’ என்று தரும் வினாவும் அதே யூனிட்டிலிருந்துதான் என்பதால், ஒரு யூனிட்டை முழுசாகக் கைவிட்டவர் வேறெங்கும் போய் அந்த 17-ஐ ஈடுகட்ட முடியாது. 83-க்குத்தான் அவர் தேர்வு எழுதுகிறார்.

நம் மாணவர் கைவிட்டிருப்பது நாலாம் யூனிட், கதிர்வீச்சு. விடுதியில் பக்கத்து அறை நான்காம் ஆண்டு அண்ணனிடம் அவர் பேசுவது இப்படி இருக்கலாம்:

“நாலாவது மட்டும்தான் விட்டுட்டேன் அண்ணா. மத்த நாலு யூனிட்டும் ஓகே.”

“ஓகேன்னா எவ்வளவுடா? மாடல் எக்ஸாம் பேப்பரைக் கொண்டா, பார்ப்போம்.”

அந்த அண்ணன் கேட்டதுதான் சரியான கேள்வி. நடு வரிக்கான எண், மாணவரின் நம்பிக்கையிலிருந்து அல்ல, திருத்தி வந்த தாளிலிருந்து வர வேண்டும். பல கல்லூரிகளில் செமஸ்டருக்கு முன் 100-க்கு ஒரு மாடல் தேர்வு வைப்பார்கள். இறுதிக் கணக்கில் சேராததால் அதை யாரும் மதிப்பதில்லை. ஆனால் இந்த அட்டவணைக்கு அதைவிட நல்ல ஆதாரம் வேறில்லை. ஐந்து யூனிட்டும், மூன்று மணி நேரமும், அதே வினாத்தாள் அமைப்பும் ஒன்றாக வருவது அதில் மட்டும்தான். இன்டர்னல் தேர்வுகளில் வாங்கிய 60-க்கு 37, 42 ஆகியவை ஒன்றரை, இரண்டு யூனிட் படித்து எழுதியவை. அவற்றின் விழுக்காட்டை அப்படியே ஐந்து யூனிட்டுக்கும் நீட்டினால் எண் கொஞ்சம் அழகாகத்தான் தெரியும்.

மாடல் தாளில் அவருக்கு 58. அதை யூனிட் வாரியாகப் பிரித்து, அதற்குப் பிறகு படித்ததற்காக அங்கங்கே ஒன்று இரண்டு கூட்டி, நடு வரியை இப்படி எழுதுகிறார்: கடத்தல் 13, சலனம் 12, கொதித்தலும் வெப்பப் பரிமாற்றிகளும் 12, கதிர்வீச்சு 7, மாஸ் டிரான்ஸ்ஃபர் 11, கடைசி 15 மதிப்பெண் வினாவில் 8. மொத்தம் 63. படிக்காத யூனிட்டுக்கு எப்படி 7? ஸ்டீஃபன் போல்ட்ஸ்மன் விதி, கிர்ச்சாஃப் விதி போன்றவை இரு மதிப்பெண் வினாக்களில் வந்தால் எழுதிவிடுவார். டேட்டா புக்கை உள்ளே அனுமதிப்பதால், 13-இல் சூத்திரம் வரை எழுதி ஸ்டெப் மார்க்கும் கொஞ்சம் வாங்கலாம்.

பிறகு அதே யூனிட்டுகளுக்கு மேல் வரியும் கீழ் வரியும் போடுகிறார். நன்றாகப் போனால் 16, 14, 15, 12, 13, கடைசி வினாவில் 10, ஆக 80. சொதப்பினால் 9, 8, 8, 1, 8, கடைசியில் 4, ஆக 38. இன்டர்னலோடு சேர்த்தால் அட்டவணை இதுதான்:

| நிலை | இன்டர்னல் (40) | செமஸ்டர் (100) | 60-க்கு | மொத்தம் | கிரேடு |
|---|---|---|---|---|---|
| கூடிவந்தால் | 30 | 80 | 48.0 | 78.0 | A |
| வழக்கம்போல் | 30 | 63 | 37.8 | 67.8 | B+ |
| சொதப்பினால் | 30 | 38 | 22.8 | 52.8 | U |

பார்ப்பதற்கு முடிந்துவிட்டதுபோல் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. அட்டவணை போடுபவர்களில் பெரும்பாலோர் விழும் குழி இதுதான்.

கீழ் வரியில் அவர் என்ன செய்திருக்கிறார்? ஐந்து யூனிட்டிலும் ஒரே சமயத்தில் சறுக்குவதாக வைத்து, ஆறு கெட்ட எண்களையும் கூட்டியிருக்கிறார். ஒரு யூனிட்டில் கேள்வி புரியாமல் போகும். இன்னொன்றில் கணக்கு தப்பும். ஆனால் எல்லாமே ஒரே மதியத்தில் கெட்டுப்போவது அபூர்வம். மேல் வரியிலும் அதே கதை. ஆறு நல்ல எண்களும் ஒன்றாக வருவதும் அபூர்வம்தான். யூனிட் யூனிட்டாகப் பிரித்து மதிப்பிட்டு, ஓரங்களை அப்படியே கூட்டினால் மேலும் கீழும் தேவைக்கு மேல் அகன்றுவிடும். 38-க்கும் 80-க்கும் நடுவில் 42 மதிப்பெண் இடைவெளி. ‘எதுவும் நடக்கலாம்’ என்பதை எண்ணில் எழுதியதுபோல்தான் அது.

இதைச் சரிசெய்ய ஒரு வழி, ஓர வரிகளைக் கூட்டலாகப் போடாமல் கதையாக எழுதுவது. நடு வரியிலிருந்து புறப்பட்டு, நடக்கக்கூடிய இரண்டு மூன்று சம்பவங்களை மட்டும் மாற்ற வேண்டும். கெட்ட கதை: கதிர்வீச்சில் இரண்டு தேர்வுகளுமே ஷேப் ஃபேக்டர் கணக்காக வந்துவிட்டது, 7 அல்ல 2-தான். சலனத்தில் ரெனால்ட்ஸ் எண்ணைத் தப்பாகப் போட்டதால் லேமினாரா டர்புலென்ட்டா என்பதே மாறி, கடைசி வரை தப்பான சூத்திரத்தில் போனார், 5 குறைவு. இவற்றில் நேரம் போய்விட்டதால் கடைசி 15 மதிப்பெண் வினாவைத் தொடவே இல்லை, 8-உம் போச்சு. 63-இல் 18 கழிந்தால் 45. வாசல்படியிலேயே நிற்கிறார். மொத்தம் 57, தேர்ச்சிதான். ஆனால் இன்னும் ஒரே ஒரு ஸ்டெப் மார்க் குறைந்தால் அரியர்.

நல்ல கதை: கதிர்வீச்சில் தெரிந்த கணக்கு வந்து 12, கடைசி வினாவில் 3 கூடுதல், மாஸ் டிரான்ஸ்ஃபரில் 2 கூடுதல். மொத்தம் 73. இன்டர்னலோடு 73.8, A.

இப்போது இடைவெளி 45 முதல் 73 வரை. முன்பைவிடக் குறுகியது, முன்பைவிட நம்பத்தகுந்தது. இன்னொன்றும் தெரிகிறது. நடு வரியிலிருந்து மேலே ஏற 10 இடம், கீழே விழ 18 இடம். பெர்ட் சூத்திரத்தில் நடு எண்ணை நான்கால் பெருக்கி, ஓர எண்கள் இரண்டையும் கூட்டி, ஆறால் வகுப்பார்கள். 45-உம் 252-உம் 73-உம் சேர்ந்து 370. ஆறால் வகுத்தால் சுமார் 61.7. நடு வரியின் 63-ஐவிடச் சற்றுக் கீழே. கீழ்ப்பக்கம் நீளமாக இருப்பவர், தன் ‘வழக்கம்போல்’ எண்ணைவிட ஒன்றிரண்டு குறைத்தே எதிர்பார்ப்பது நல்லது என்கிறது அந்தக் கணக்கு.

கதையாக எழுதும்போது ஒன்றை மறக்கக் கூடாது. எல்லா யூனிட்டையும் ஒரே அடியாகக் கெடுக்கும் காரணங்களும் உண்டு. காய்ச்சல், நேரம் போதாமை, முந்தின நாள் இரவு முழுக்க விழித்திருந்தது. இவை வந்தால் முதலில் போட்ட 38 உண்மையாகிவிடும். மாடல் தேர்வில் ஏற்கெனவே நேரம் போதாமல் இரண்டு வினாக்களைப் பாதியில் விட்டவர், இந்தக் காரணத்தைக் கீழ் வரியில் கட்டாயம் சேர்க்க வேண்டும். அவருக்கு அது ‘நடக்கலாம்’ என்ற வகையே அல்ல, ஏற்கெனவே ஒருமுறை நடந்தது.

அட்டவணை இதோடு முடிந்தால் வெறும் ஜோசியம். அதை வைத்து ஒரு முடிவு எடுக்க முடிந்தால்தான் அது பயன்பட்டது என்று அர்த்தம். நம் மாணவரின் தாளில் அந்த முடிவு பளிச்சென்று தெரிகிறது. A-வுக்கு 69 வேண்டும், நடு வரி 63. பற்றாக்குறை 6. கெட்ட கதையில் அவரை 45-க்கு இழுத்துவந்த மூன்று சம்பவங்களில் ஒன்று கதிர்வீச்சு. நல்ல கதையில் அவரை மேலே தூக்கியதும் கதிர்வீச்சு. அந்த யூனிட்டில் 7 என்பது 13 ஆனால் நடு வரியே 69-ஐத் தொட்டுவிடும், அதோடு கீழ் வரியும் 45-ஐ விட்டு விலகும். கடத்தலில் 13-ஐ 16 ஆக்க அவர் என்ன பாடுபட்டாலும் இவ்வளவு மாற்றம் வராது. ஆனால் மாணவர்களின் இயல்பு என்னவென்றால், தெரிந்த யூனிட்டையே மீண்டும் மீண்டும் படிப்பது. அதில் சுகம் இருக்கிறது. மதிப்பெண் இல்லை.

கதிர்வீச்சிலும் எதை எடுப்பது என்பது அடுத்த கேள்வி. கரும்பொருள் ஒன்று 3000 கெல்வினில் இருக்கிறது, அதிகபட்சக் கதிர்வீச்சு எந்த அலைநீளத்தில், மொத்த உமிழ்வு எவ்வளவு என்ற வகைக் கணக்கு அந்த யூனிட்டில் எளிமையானது. வீனின் இடப்பெயர்ச்சி விதிப்படி 2898-ஐ வெப்பநிலையால் வகுத்தால் அலைநீளம் மைக்ரோமீட்டரில் வந்துவிடும், இங்கே சுமார் 0.97. மொத்த உமிழ்வுக்கு ஸ்டீஃபன் போல்ட்ஸ்மன் மாறிலியை வெப்பநிலையின் நான்காம் அடுக்கால் பெருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். வினாவில் வெப்பநிலையைச் செல்சியஸில் கொடுத்திருந்தால் 273-ஐக் கூட்ட மறந்துவிடுவார்கள். நான்காம் அடுக்கில் அந்தப் பிழை விடையையே வேறு எங்கோ கொண்டுபோய்விடும். இணைத் தகடுகளுக்கு நடுவில் கதிர்வீச்சுத் தடுப்பு வைக்கும் கணக்கை அடுத்ததாக எடுக்கலாம். ஷேப் ஃபேக்டர் இயற்கணிதத்தைக் கடைசிக்கு ஒதுக்கலாம். இரண்டு நாள் இருந்தால் இவ்வளவும் நடக்கக்கூடியதுதான்.

அந்த இரண்டு நாள் எங்கிருந்து வரும்? இதற்கும் அட்டவணைதான் பதில் சொல்கிறது, ஆனால் பக்கத்துப் பாடத்தின் அட்டவணை. அதே மாணவருக்கு விருப்பப் பாடம் ஒன்றில் இன்டர்னல் 36. செமஸ்டரில் மூன்று வரிகளிலும் முறையே 74, 67, 62 என்று போடுகிறார். மொத்தம் 80.4, 76.2, 73.2. மூன்று வரியிலும் ஒரே கிரேடு, A. அந்தப் பாடத்துக்கு இன்னும் பத்து மணி நேரம் கொடுத்தாலும் கிரேடு அநேகமாக அப்படியே இருக்கும். கொஞ்சம் குறைத்தாலும் பெரிதாகப் பாதிக்காது. மூன்று வரியிலும் வேறு வேறு கிரேடு வரும் பாடத்துக்கும் எல்லாம் ஒன்றே வரும் பாடத்துக்கும் விடுமுறை நாட்களைச் சமமாகப் பங்கிடுவதுதான் வீண். இதில் கிரெடிட்டும் ஒரு பங்கு வகிக்கிறது. 4 கிரெடிட் பாடத்தில் ஒரு படி ஏறினால், 21 கிரெடிட் உள்ள செமஸ்டரின் சராசரியில் சுமார் 0.19 கூடும். 3 கிரெடிட் பாடத்தில் 0.14.

(மேலே 80.4 என்பது 81-க்கு மிக அருகில் இருக்கிறதே என்று சிலருக்கு ஆசை வரும். மேல் வரியே அங்கேதான் நிற்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம்.)

கணினியில் போட விரும்புபவர்களுக்கு ஒரு வரி போதும். A2-வில் இன்டர்னல் 40-க்கு, B2-வில் செமஸ்டர் 100-க்கு:

```
=IF(B2<45,"U",IF(A2+0.6*B2<50,"U",A2+0.6*B2))
```

45 என்ற நிபந்தனையை முதலில் வைத்திருப்பது தற்செயல் அல்ல. வெறுமனே இரண்டையும் கூட்டும் சூத்திரத்தைப் போட்டவர்களின் ஷீட்டில் 52.8 தேர்ச்சிபோலத்தான் தெரியும். வேறு வகைப் பாடங்களுக்கு இதை அப்படியே நகல் எடுக்கவும் கூடாது. ஆய்வகப் பாடங்களில் இன்டர்னல் 60, தேர்வு 40. எழுத்தும் ஆய்வகமும் சேர்ந்த பாடங்களில் பாதிக்குப் பாதி. எடை மாறினால் வாசல்படிகளும் மாறும்.

இந்த அட்டவணை சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. 91, 81, 71 என்ற நிலையான எல்லைகள் 2021 விதிமுறையில் எல்லா வகுப்புக்கும் பொருந்தாது. மாணவர் எண்ணிக்கை 30-ஐத் தாண்டினால் ஒப்பீட்டு முறையில் கிரேடு போடுவார்கள், அதாவது மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதும் சேர்ந்துதான் கிரேடைத் தீர்மானிக்கும். நம் மாணவரின் மெக்கானிக்கல் வகுப்பில் 24 பேர் மட்டும் என்பதால் இவ்வளவு நேரம் எல்லைகள் அசையாமல் நின்றன. அவருடைய கணினி அறிவியல் நண்பர் 60 பேர் வகுப்பில் இருந்தால், அவர் அட்டவணையின் கடைசிக் கட்டத்தை உறுதியாக நிரப்ப முடியாது. 90 வாங்கி O வருவதும் நடக்கலாம். தாள் எல்லாருக்கும் சுலபமாக இருந்தால் 78 எதிர்பார்த்ததைவிடக் கீழே இறங்குவதும் நடக்கலாம். அப்படிப்பட்டவர் கிரேடுக்குப் பதிலாக வகுப்பில் தன் இடத்தை எழுதிக்கொள்வது பயன்படும்: மாடல் தேர்வில் 60 பேரில் எத்தனையாவது? தேர்ச்சிக்கான 45-உம் 50-உம் மட்டும் ஒப்பீட்டில் கரையாதவை. ஆகவே கீழ் வரி அவருக்கும் அப்படியே செல்லும்.

மறுமதிப்பீட்டை மேல் வரியில் சேர்ப்பவர்கள் உண்டு. சேர்க்கக் கூடாது. அது தேர்வு முடிந்த பிறகு எடுக்கும் வேறொரு முடிவு, அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்கு அருகில் ஊசலாடுபவருக்கோ மதிப்பெண் அட்டவணையே இரண்டாம் பட்சம். தேர்வு எழுத அனுமதி கிடைக்குமா என்பது அவருடைய முதல் வரி.

தேர்வு முடிந்ததும் இந்தத் தாளைக் கசக்கிப் போடாமல் வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். அவர்களுக்கு ரிசல்ட் நாளில் கொஞ்சம் வேலை இருக்கும். திரையில் வருவது எழுத்துதான், எண் அல்ல. ஆனால் இன்டர்னல் தெரியும் என்பதால் எழுத்தைப் பின்னோக்கி எண்ணாக்கலாம். இன்டர்னல் 30 வைத்திருந்தவருக்கு B+ வந்தால் செமஸ்டரில் 52-க்கும் 68-க்கும் நடுவில் எங்கோ வாங்கியிருக்கிறார். A வந்தால் 69 முதல் 84-க்குள். நம் மாணவர் 63 என்று எழுதியிருந்தார். B+ வந்தால் மதிப்பீடு தப்பவில்லை என்று மட்டும் சொல்லலாம், துல்லியமாக இருந்தது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தக் கட்டத்தின் அகலமே 17 மதிப்பெண். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தவர்களுக்கு இன்னும் தெளிவாக, யூனிட் யூனிட்டாகவே தெரியும். ஒரு செமஸ்டரின் ஐந்தாறு பாடங்களையும் இப்படி ஒத்துப் பார்த்தால், தான் எப்போதும் கூட்டியே போடுகிறவரா குறைத்தே போடுகிறவரா என்பது புலப்பட்டுவிடும். நாலு பாடத்தில் நடு வரியைவிடக் கீழே வந்திருந்தால், அடுத்த செமஸ்டரில் நடு வரியை எழுதும்போதே ஐந்தைக் கழித்துக்கொண்டு எழுதலாம். 45-க்கும் நடு வரிக்கும் எவ்வளவு தூரம் என்பதை அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும்.